மணிவாரி விற்பனைக் கணக்கை வைத்துக் கடை நேரத்தையும் வார விடுமுறையையும் முடிவு செய்வது எப்படி

புதிதாகக் கடை போட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் தாங்களும் தூக்குகிறார்கள், அவர் இறக்கும்போது இறக்குகிறார்கள். விடுமுறையே இல்லாமல் முதல் வருடம் ஓடிவிடும். நானும் என் ஸ்டேஷனரி கடையைக் காலை 8 முதல் இரவு 9 வரை, வாரம் ஏழு நாளும் அப்படித்தான் திறந்து வைத்திருந்தேன். பிறகு மணிக்கு எவ்வளவு விற்கிறது என்று எழுதிப் பார்த்து நேரத்தை மாற்றினேன், ஒரு நாள் விடுமுறையும் விட்டேன். அதை எப்படிச் செய்தேன், எங்கே ஏமாந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கீழே வரும் எண்கள் என் கடையின் கணக்கு. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை அதேதான்.

முதலில் நாலு வாரம் எழுதுங்கள்

ஒரு வாரக் கணக்கு போதாது. சம்பளம் வந்த வாரம் ஒரு மாதிரி விற்கும், மாதக் கடைசி வாரம் வேறு மாதிரி விற்கும். அதனால் முழுதாக நாலு வாரம் வேண்டும். பண்டிகை, பள்ளி திறப்பு போல விற்பனை தலைகீழாகும் வாரம் நடுவில் வந்தால் அதை விட்டுவிட்டு இன்னொரு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் இடது ஓரம் மேலிருந்து கீழாக மணிகளை எழுதுங்கள்: 8–9, 9–10 என்று கடைசி வரை. மேலே தேதிகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் வேண்டும்: எத்தனை பில், மொத்தம் எவ்வளவு, வாங்காமல் திரும்பியவர் எத்தனை பேர். மூன்றாவதற்குக் கோடு போட்டால் போதும். இந்த மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூட்ட நேரத்தில் ஐந்து பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது எந்த பில்லிலும் வராது, கோடு போட்டால்தான் தெரியும்.

மூன்று இடத்தில் கணக்கு தப்பும். கடன் சொல்லி வாங்கியதைப் பணம் வந்த நேரத்தில் எழுதாமல், பொருள் எடுத்த நேரத்தில் எழுத வேண்டும். போனில் சொல்லிவிட்டுப் பிறகு வந்து எடுத்துப்போவதற்குப் பக்கத்தில் ‘போன்’ என்று குறித்துவிடுங்கள், ஏனென்றால் அவர் எந்த நேரத்திலும் வந்து எடுத்திருப்பார். மூன்றாவது, பில்லை அப்போதே போடாமல் இரவில் மொத்தமாகப் பதிவது. அப்படிச் செய்தால் கடைசி மணிதான் உங்கள் கடையின் பெரிய வியாபார நேரம் என்று காட்டும்.

பில் மெஷினோ கம்ப்யூட்டரோ இருந்தால் வேலை பாதி. பில் நேரத்தையும் தொகையையும் ஒரு ஷீட்டில் எடுத்து, `A` பத்தியில் தேதியும் நேரமும், `B` பத்தியில் தொகையும் வைத்துக்கொண்டு, இந்த இரண்டையும் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
C2: =HOUR(A2)
D2: =WEEKDAY(A2,2)
```

இரண்டாவது சூத்திரம் திங்களுக்கு 1, ஞாயிறுக்கு 7 என்று எண் தரும். திங்கட்கிழமை காலை 8 முதல் 9 வரை நாலு வாரத்தில் மொத்தம் விற்றது எவ்வளவு என்று பார்க்க, இந்த நாலு பத்திகளுக்கு வெளியே காலியான ஒரு கட்டத்தில்:

```
=SUMIFS(B:B,C:C,8,D:D,1)
```

அதை நாலால் வகுத்தால் சராசரி. ஆனால் அந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஒரு பெரிய பில் முழு மணியையும் மாற்றிக் காட்டும்

என் கணக்கில் வியாழன் மாலை 4–5 மணிக்கு நாலு வாரமும் வந்த எண்கள் 640, 710, 680, 4,150. சராசரி போட்டால் 1,545. பார்த்தால் நல்ல வியாபார நேரம் போலத் தெரியும். உண்மையில் நாலாவது வாரம் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கிப் போனார், அவ்வளவுதான். அதனால் சராசரி போடும் முன் நாலு எண்களில் பெரியதையும் சிறியதையும் அடித்துவிட்டு, நடுவில் நிற்கும் இரண்டுக்கு மட்டும் சராசரி போடுங்கள். இங்கே 680-உம் 710-உம் மிஞ்சும், 695 வரும். அந்த மணியின் உண்மையான போக்கு அதுதான்.

பில் எண்ணிக்கையும் இங்கே கை கொடுக்கும். தொகை கூடி, பில் கூடவில்லை என்றால் யாரோ ஒருவரால் வந்த கூடுதல். இரண்டும் சேர்ந்து கூடினால்தான் அது கூட்ட நேரம்.

ஒரு மணி நேரம் திறந்திருக்க எவ்வளவு விற்க வேண்டும்

எண்கள் கைக்கு வந்ததும் குறைவாக விற்கும் மணியை மூடிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு எல்லைக்கோடு வேண்டும். ஒரு மணி நேரம் மூடினால் உண்மையில் மிச்சமாகும் செலவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வாடகையை இதில் சேர்க்கக் கூடாது, மூடினாலும் திறந்தாலும் அது போகும். கடன் வட்டியும் அப்படித்தான்.

என் கடையில் உதவியாளுக்கு மணிக்கணக்கில் சம்பளம், மணிக்கு 60. கரண்ட் ஏறக்குறைய 10. மூன்றாவதாக என் நேரம். அதற்கு விலை போடாதவர்கள்தான் அதிகம். எனக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தினால் என்ன கொடுப்பேனோ அதையே வைத்தேன், 80. ஆக ஒரு மணிக்கு 150.

என் கடையில் 100-க்கு விற்றால், பொருள் வாங்கிய விலை போகக் கையில் 20 நிற்கும். அப்படியானால் 150 செலவை ஈடுகட்ட 750-க்கு விற்க வேண்டும். செலவை லாபப் பங்கால் வகுப்பதுதான் கணக்கு: 150-ஐ 0.20-ஆல் வகுத்தால் 750. இதுதான் எல்லைக்கோடு. அரை மணிக்கு 375.

இந்த லாபப் பங்கை மனக்கணக்காகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் விற்ற பொருளின் கொள்முதல் விலையைக் கூட்டிப் பார்த்துப் போடுங்கள். நான் 25 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கூட்டிப் பார்த்தபோது 20 தான் வந்தது. 25 என்றால் எல்லைக்கோடு 600-க்கு இறங்கிவிடும், மூட வேண்டிய மணியெல்லாம் தேறிவிட்டது போலக் காட்டும்.

என் நோட்டில் மூன்று மணிகள்

காலை 8–9. சராசரி 310. கோட்டுக்கு எவ்வளவோ கீழே, யோசிக்கவே வேண்டாம் போலிருந்தது. ஆனால் கிழமை வாரியாகப் பிரித்தபோது ஆறு நாள் 210 வீதம், திங்கள் மட்டும் 910. திங்கள் கோட்டைத் தாண்டிவிடுகிறதே என்று அன்று மட்டும் சீக்கிரம் திறக்கலாமா என யோசித்தேன். பில்களைப் புரட்டினால் ஒவ்வொரு திங்களும் 700-க்கு ஒரே ஒரு பில். ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வாரத்துக்கு வேண்டிய பேப்பர் பண்டல் வாங்கிப் போகிறார். அடுத்த திங்கள் அவரிடமே கேட்டேன். “நீங்க எட்டு மணிக்குத் திறக்கிறீங்கன்னுதான் எட்டு மணிக்கு வர்றேன், ஒன்பதரைன்னா இன்னும் வசதி” என்றார்.

அவர் பதில் எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. ஒரு மணியில் விற்றது முழுவதும் அந்த மணிக்குச் சொந்தமல்ல. மூடினால் அதில் ஒரு பங்கு பக்கத்து மணிக்கு நகர்ந்துவிடும், மிச்சம்தான் கைவிட்டுப் போகும். ஆனால் முடிவெடுக்கும்போது எதுவுமே நகராது என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. 310 முழுதும் போனாலும் இழக்கும் லாபம் 62, மிச்சமாகும் செலவு 150. அப்போதும் மூடுவதே சரி. மூடினேன். அடுத்த மாதம் 9–10 மணி விற்பனை 1,450-லிருந்து 1,600-க்கு ஏறியது, அதாவது ஏறக்குறைய பாதி நகர்ந்து வந்துவிட்டது.

மதியம் 2–3. விற்பனை 520. இதுவும் 750-க்குக் கீழேதான். ஆனாலும் மூடவில்லை. நடுவில் ஒரு மணி நேரம் மூடினால் உதவியாள் வீட்டுக்குப் போய் வர முடியாது, அந்த ஒரு மணிக்குச் சம்பளம் பிடிப்பதும் நியாயமில்லை. நானும் கடையிலேயேதான் இருப்பேன். மிச்சமாவது கரண்ட் 10 மட்டும். 10-ஐ ஈடுகட்ட 50-க்கு விற்றால் போதும், 520 விற்கிறதே. பகல் நடுவில் வரும் மந்த நேரத்துக்கும் ஓரத்து மணிகளுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஓரத்தில் மூடினால் ஆள் வீட்டுக்குப் போகலாம், நடுவில் மூடினால் காத்திருக்கத்தான் வேண்டும். உங்கள் வீடு கடைக்கு மேலேயே இருந்து, மதியம் மூன்று மணி நேரம் மூட முடியும் என்றால் கணக்கு மாறும். எனக்கு அப்படி இல்லை. அந்த மணியைச் சரக்கு அடுக்கவும், ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடவும் வைத்துக்கொண்டோம்.

இரவு 8–9. விற்பனை 1,180, கோட்டுக்கு நன்றாக மேலே. இங்கேதான் மணிக்கணக்கு ஏமாற்றியது. திறக்கும் நேரத்தையும் அடைக்கும் நேரத்தையும் அரை மணியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 8 முதல் 8.30 வரை 980, அதற்குப் பிறகு 200. இரவில் உதவியாள் இல்லை, அதனால் அப்போது மிச்சமாகும் செலவு மணிக்கு 90, அரை மணிக்கு 45, அதற்கான கோடு 225. கடைசி அரை மணி அந்தக் கோட்டைத் தொடவில்லை. 8.30-க்கு அடைப்பதென்று முடிவு செய்தேன். அடைப்பது என்றால் கடைசி பில் போடும் நேரம். கல்லா எண்ணுவது, கூட்டுவது எல்லாம் அதற்குப் பின் கால் மணி ஆகும், எப்போது அடைத்தாலும் அந்த வேலை இருக்கும். அதனால் அதை எல்லைக்கோட்டில் சேர்க்கவில்லை.

காலையில் மிச்சமான ஒரு மணிச் சம்பளத்தை நான் சேமிப்பாக வைத்துக்கொள்ளவில்லை. நோட்டில் மாலை 6–7 கட்டத்தில் வாங்காமல் திரும்பியவர்களின் கோடு தினமும் நாலு, ஐந்து என்று இருந்தது. அந்த நேரத்தில் நான் ஒருவனே நின்றேன், உதவியாள் 6 மணிக்கே போய்விடுவார். காலை மணியை எடுத்து மாலைக்குப் போட்டேன். மணிவாரிக் கணக்கில் எனக்குக் கிடைத்த நல்ல பலன் இதுதான் என்பேன், காலையில் ஒரு மணி கூடத் தூங்கியதை விடவும்.

மூடியிருக்கும் நேரம் நோட்டில் இருக்காது

இந்தக் கணக்குக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. திறந்திருக்கும் மணிகளைப் பற்றி மட்டுமே அது பேசும். நீங்கள் 9-க்குத் திறந்தால் 8 மணிக்கு வந்து ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. அந்த மணியில் வியாபாரம் இல்லை என்று நோட்டு சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்கிறது.

தெரிந்துகொள்ள வழி உண்டு. முதல் பில் திறந்து எத்தனை நிமிடத்தில் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான நாள் ஐந்து நிமிடத்துக்குள் விழுந்தால் வெளியே யாரோ காத்திருந்தார்கள் என்று பொருள். இரவில் கடைசி பத்து நிமிடத்தில் பில் வரிசையாக விழுந்தாலும் அப்படித்தான். பிறகு இரண்டு வாரம் அரை மணி முன்னதாகவே போய், ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துச் சரக்கு அடுக்கிக்கொண்டே, எத்தனை பேர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று கோடு போடுங்கள். அடைத்த பிறகு போனில் வந்த தவறிய அழைப்புகளின் நேரத்தையும் பாருங்கள்.

இதெல்லாம் சேர்ந்து ஆள் இருக்கிறார்கள் என்று காட்டினால் அந்த அரை மணியைத் திறந்து பார்க்கலாம். திறந்த முதல் வார விற்பனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். புது நேரம் மக்களுக்குத் தெரியவே இரண்டு வாரம் பிடிக்கும். போர்டில் எழுதி, நாலு வாரம் ஒருநாள் விடாமல் திறந்து, கடைசி இரண்டு வாரத்தை மட்டும் எல்லைக்கோட்டோடு ஒப்பிடுங்கள்.

வார விடுமுறைக்கு நாள் பார்ப்பது

கடை நேரத்தையும் விடுமுறையையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. நேரத்தை மாற்றி ஒரு மாதம் ஆறவிட்டு, பிறகு இன்னொரு நாலு வாரக் கணக்கு எடுத்தேன். கிழமை வாரியாக வந்தது இது:

| கிழமை | விற்பனை |
|---|---|
| திங்கள் | 14,200 |
| செவ்வாய் | 11,000 |
| புதன் | 10,400 |
| வியாழன் | 11,300 |
| வெள்ளி | 13,000 |
| சனி | 15,600 |
| ஞாயிறு | 8,900 |

வாரத்துக்கு மொத்தம் 84,400. ஞாயிறுதான் குறைவு, அன்றைக்கு அடைத்துவிடலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் போர்டு எழுதக் கொடுக்க இருந்தேன். நிறுத்தியது இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, அந்த நாளில் விற்பது என்ன? ஞாயிறன்று குடும்பத்தோடு வருகிறவர்கள் பரிசுப் பொருள், வண்ணப் பெட்டி என்று லாபம் கூடிய சரக்கை எடுக்கிறார்கள். அன்றைய லாபப் பங்கு 28. புதனன்று போவது பெரும்பாலும் பேப்பரும் பேனா ரீஃபிலும், அன்றைய பங்கு 17. கணக்குப் போட்டால் ஞாயிறு 8,900-இல் கையில் நிற்பது 2,492, புதன் 10,400-இல் நிற்பது 1,768. விற்பனையில் மேலே இருந்த புதன் லாபத்தில் கீழே போய்விட்டது.

இரண்டாவது கேள்வி, அன்று வருகிறவர் வேறு நாளில் வருவாரா? இதற்கு இரண்டு வாரம் பில்லின் ஓரத்தில் குறி வைத்தேன். தெரிந்த முகம் என்றால் ‘ப’, புது முகம் என்றால் ‘பு’. ஒரு ஞாயிறில் 40 பில்லில் 27 புது முகம். ஒரு புதனில் 52 பில்லில் 41 பழகியவர்கள். பழகியவர் கடை மூடியிருந்தால் நாளைக்கு வருவார், அவருக்கு என் விடுமுறை தெரியும். புதியவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், திரும்பி வரக் காரணமும் இல்லை. ஆகவே விடுமுறைக்குப் பழகியவர்கள் வரும் நாளே நல்லது.

இவற்றோடு இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். சரக்கு வண்டி வரும் நாளில் அடைக்க முடியாது, எனக்கு அது வியாழன். உங்கள் தெரு முழுவதும் ஒரு நாள் அடைக்கிற வழக்கம் இருந்தால் அன்று ஆள் நடமாட்டமே இருக்காது, அப்போது மேலே சொன்ன கணக்கைவிட அதற்கே முதலிடம். கடை ஆட்களின் வார விடுமுறை பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடைத்துப் பார்த்தபோது

நாலு புதன்கிழமை அடைத்தேன். இரண்டு வாரம் முன்பே கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டினேன், பில் கொடுக்கும்போது வாயாலும் சொன்னேன்.

இதன் பலனைப் பார்க்க வாரத்தின் முழு விற்பனையை ஒப்பிட வேண்டும். புதன் போனதால் 10,400 நஷ்டம் என்று எண்ணுவது தவறு. செவ்வாய் கொஞ்சம் கூடியது என்று மகிழ்வதும் பாதிக் கணக்குதான். நாலு வாரத்தின் நடு எண்கள் இரண்டுக்குச் சராசரி போட்டபோது வாரத்துக்கு 79,700 வந்தது. 84,400-லிருந்து குறைந்தது 4,700. புதன் விற்பனையில் 5,700 வேறு நாளுக்கு நகர்ந்துவிட்டது, பெரும்பாலும் செவ்வாய் மாலைக்கும் வியாழன் காலைக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். அந்த மாதமே மந்தமாகவோ நன்றாகவோ இருந்திருந்தால்? அதற்கு விடுமுறையால் பாதிக்கப்படாத நாட்களை அளவுகோலாக வைத்தேன். வெள்ளியும் சனியும் சேர்ந்து முன்பு 28,600, அடைத்துப் பார்த்த மாதத்தில் 28,400. மாதம் பழையபடிதான் இருந்தது, ஒப்பீடு செல்லும். அந்த இரண்டு நாளும் 15, 20 சதவீதம் மாறியிருந்தால் அந்த மாதக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு மாதம் பார்த்திருப்பேன்.

குறைந்த 4,700-இல் போன லாபம், 17 பங்கு வீதம், 799. மிச்சமானது எவ்வளவு? இப்போது கடை நாளுக்கு பதினொன்றரை மணி நேரம். உதவியாளுக்கு விடுமுறை நாளிலும் சம்பளம் உண்டு என்று வைத்தேன், அதனால் அந்த 60-ஐ மிச்சத்தில் சேர்க்கக் கூடாது. என் நேரம் 80-உம் கரண்ட் 10-உம் சேர்ந்து மணிக்கு 90 வீதம் 1,035. 799 கொடுத்து 1,035 பெறுகிறேன். இதில் பெரும்பகுதி என் சொந்த நேரத்துக்கு நான் போட்ட விலை என்பதை மறைக்க விரும்பவில்லை. கையில் வரும் காசை மட்டும் பார்த்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 680 குறைகிறது. அதைக் கொடுத்து ஒரு முழு நாளை வாங்குகிறேன். தொழில் தொடங்கி முதல் சில மாதம் அந்தக் காசு இல்லாமல் முடியாது என்றால் அரை நாள் விடுமுறையில் தொடங்கலாம். மதியத்துக்கு மேல் மந்தமாக இருக்கும் ஒரு நாளைப் பாருங்கள், மணிவாரி நோட்டு அதையும் காட்டிக்கொடுக்கும்.

முடிவு செய்த பிறகு புதன் என்றால் எல்லாப் புதனும் அடைக்க வேண்டும். “இன்று சும்மாதானே இருக்கிறேன்” என்று ஒரு புதன் திறந்தீர்களானால், அடுத்த புதன் வந்து பூட்டைப் பார்ப்பவர்களை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் போல உண்மையாகவே திறக்க வேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நோட்டை மூடி வைத்துவிடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் மட்டும் மணிவாரியாக எழுதுகிறேன். எல்லா மணியும் வேண்டாம், காலை முதல் அரை மணி, இரவு கடைசி அரை மணி, செவ்வாய், வியாழன் இவற்றைப் பார்த்தால் போதும். பக்கத்தில் புதிதாக ஏதாவது அலுவலகமோ பஸ் நிறுத்தமோ வந்தால் மட்டும் ஆறு மாதம் காத்திருக்காமல் அடுத்த வாரமே நாலு வாரக் கட்டத்தை மறுபடி போட்டுவிடுவேன்.